அணிந்த ஹூடியின் மேல் வாடிக்கையாளரின் படம்: மாக்அப் செய்ய நான்கு வழிகள், எதை எப்போது?

வேலூர்ப் பக்கம் மே மாதத்தில் ஹூடி அணிபவரைப் பார்த்தால் மருத்துவரிடம் அனுப்பத் தோன்றும். ஆனாலும் காட்பாடியைச் சுற்றி ஹூடி ஆர்டர்களுக்குப் பஞ்சமே இல்லை. கல்லூரி மன்றங்கள், துறை விழாக்கள், ஏலகிரிக்குப் போகும் பைக் குழுக்கள் என்று ஆண்டு முழுவதும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்த ஆர்டர்களை எடுக்கும் சிறு கடைக்காரர்களும், வீட்டிலிருந்தே ஆர்டர் வாங்கித் திருப்பூருக்கு அனுப்பி அச்சிட்டுத் தருபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். வாடிக்கையாளர் படத்தை அனுப்பிவிட்டார். அணிந்தால் எப்படி இருக்கும் என்று காட்டு என்கிறார். இணையத்தில் கிடைக்கும் ஆயத்த மாக்அப் போதுமா, ஃபோட்டோஷாப்பில் உட்கார்ந்து செய்ய வேண்டுமா, அல்லது ஒன்றை அச்சிட்டே படம் எடுத்துவிடலாமா?

வழிகளைப் பார்ப்பதற்கு முன் எதை வைத்து அவற்றை அளப்பது என்று முடிவு செய்துகொள்ளலாம். பெரும்பாலோர் "பார்க்க நிஜம்போல் இருக்கிறதா" என்ற ஒன்றை மட்டும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி விற்பனைக்கு உதவும், பொருள் கைக்குப் போன பிறகு உதவாது. மாக்அப்பைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர் பணம் கொடுக்கிறார். ஆகவே அதில் காட்டியது பெட்டியைத் திறக்கும்போது இருக்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, அளவு. படம் மார்பில் எத்தனை சென்டிமீட்டர் அகலம், கழுத்திலிருந்து எவ்வளவு கீழே என்பது மாக்அப்பிலும் அச்சிலும் ஒன்றாக இருக்க வேண்டும். திரும்பி வரும் புகார்களில் பெரும்பங்கு இதனால்தான் வருகிறது என்பது என் எண்ணம். "படத்தில் பெரிதாக இருந்ததே" என்பார்கள்.

இரண்டாவது, துணியின் மடிப்பும் நிழலும். அணிந்த துணி தட்டையாக இருப்பதில்லை. கை தூக்கினால் அக்குளிலிருந்து மார்புக்கு மடிப்பு ஓடும். அந்த மடிப்பின் மேல் உங்கள் எழுத்துகள் அளவுகோல் வைத்தாற்போல் நேராக நின்றால் எவருக்கும் உறுத்தும்.

மூன்றாவது, மை. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வெள்ளை டி-ஷர்ட்டில் நேரடியாக மை தெளிக்கும் டிடிஜி அச்சில் துணியின் நெசவு மைக்கு நடுவே தெரியும். பிலிமில் அச்சிட்டுச் சூட்டில் அழுத்தி ஒட்டும் டிடிஎஃப் முறையில் படம் துணியின் மேல் ஒரு மெல்லிய தோலாக உட்காரும், நெசவு பெரும்பாலும் மறைந்துவிடும். கறுப்புத் துணியில் இந்த இரண்டு முறைகளிலும் நிறங்களுக்கு அடியில் ஒரு வெள்ளை மைப் படலம் போடுவார்கள். இவற்றுக்கெல்லாம் ஒரே மாதிரி மாக்அப் காட்டினால் அவற்றில் ஏதோ ஒன்று பொய்யாகத்தான் இருக்கும்.

நான்காவது, எத்தனை முறை செய்யப்போகிறீர்கள் என்பது. ஒரே ஒரு படத்துக்கு ஏற்ற வழி, நூறு படங்களுக்கு ஏற்றதாக இருக்காது.

## வழி ஒன்று: ஆயத்த மாக்அப்

பிரிண்ட்ஃபுல், பிரிண்டிஃபை போன்ற தளங்களிலேயே மாக்அப் செய்யும் வசதி உண்டு. படத்தை ஏற்றினால் அடுத்த நிமிடம் ஒரு மாடல் அதை அணிந்து நிற்பார். அந்தத் தளமே அச்சிட்டு அனுப்பப்போகிறது என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. அவர்கள் காட்டும் அச்சுப் பரப்பு அவர்களுடைய இயந்திரத்துக்கும் அந்த ஹூடிக்கும் பொருந்தியது. அளவு விஷயத்தில் நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் நம் ஊரில் நடப்பது வேறு. மாக்அப்பை ஒரு தளத்தில் செய்கிறார்கள். ஹூடியைத் திருப்பூரில் வாங்குகிறார்கள். அச்சை உள்ளூர் டிடிஎஃப் கடையில் போடுகிறார்கள். மாக்அப்பில் இருக்கும் ஹூடிக்கும் வாடிக்கையாளர் கைக்குப் போகும் ஹூடிக்கும் பையின் உயரம் வேறு, தோள் வெட்டு வேறு, கழுத்து வேறு. மாக்அப்பில் தொப்புள்வரை இறங்கிய படம், கையில் இருக்கும் ஹூடியில் பையின் தையலில் போய் முட்டுகிறது. மாடலின் உடலளவு என்னவென்றும் உங்களுக்குத் தெரியாது. மெலிந்த ஒருவர் பெரிய அளவு அணிந்து நிற்கும் படத்தில் எந்த அச்சும் சிறிதாகவே தோன்றும்.

நிறத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பல ஆயத்த மாக்அப்களில் வெள்ளைத் துணியைப் படம் எடுத்து, அதற்கு மென்பொருளில் நிறம் ஏற்றுகிறார்கள். வெளிர் நிறங்களுக்கு அது பரவாயில்லை. கறுப்பு ஏற்றும்போது மடிப்புகள் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். சாம்பலும் வெள்ளையும் கலந்த மெலாஞ்ச் துணியின் புள்ளிகள் வரவே வராது.

தோராயமாக ஒரு யோசனை காட்ட, இரண்டு வடிவங்களில் எது நன்றாக இருக்கிறது என்று வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல இது போதும். "இதுதான் வரும்" என்று சொல்லி முன்பணம் வாங்கப் போதாது.

## வழி இரண்டு: உங்கள் ஹூடியை நீங்களே படம் எடுத்து, கையால் பொருத்துவது

நான் பெரும்பாலும் சிபாரிசு செய்வது இது. ஃபோட்டோஷாப் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இலவசமான கிம்ப்பும், உலாவியிலேயே ஓடும் ஃபோட்டோபீயும் இந்த வேலைக்குப் போதும். ஃபோட்டோபீ பிஎஸ்டி கோப்புகளைத் திறக்கும் என்பதால் கோப்பைப் பிறருடன் பகிர்வதிலும் சிரமம் இல்லை.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு முழுவதும் பார்ப்போம். கறுப்பு ஹூடி. வாடிக்கையாளர் அனுப்பியது வேலூர்க் கோட்டை மதிலின் கோட்டோவியம், மஞ்சளும் வெளிர் பழுப்பும், கீழே ஒரு வரி எழுத்து. படம் 1200 × 1500 பிக்சல், அதாவது அகலமும் உயரமும் 4:5. அவர் கேட்டது "மார்பு முழுவதும், ஓர் அடி அகலம்".

முதலில் மென்பொருளைத் திறக்காதீர்கள். அளவு நாடாவை எடுங்கள். ஹூடியின் கழுத்துத் தையலிலிருந்து முன்பையின் மேல்விளிம்புவரை 33 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழுத்துக்குக் கீழே 7 செ.மீ. விட வேண்டும், இல்லையென்றால் படம் தொண்டையில் ஏறி நிற்கும். பைக்கு மேலே 3 செ.மீ. விட வேண்டும், ஏனென்றால் பைத் தையலின் மேடு அழுத்து இயந்திரத்தில் சீராகப் படியாது. மீதி 23 செ.மீ. உயரம். 4:5 விகிதத்தில் அகலம் 18.4 செ.மீ. ஓர் அடி அகலம் வேண்டுமானால் உயரம் 38 செ.மீ. ஆகிவிடும், அது பையின் மேல் படிந்துவிடும். இந்தச் செய்தியை வாடிக்கையாளர் மாக்அப்பைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இனி படம் எடுப்பது. ஹூடியைத் தரையில் விரித்து, நடுவில் 18.4 × 23 செ.மீ. செவ்வகத்தை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். அப்புறம் ஒருவரை அணியச் சொல்லி, கேமராவை முக்காலியில் வைத்து ஒரு படம். அவர் அசையாமல் நிற்க, டேப்பை மெதுவாக உரித்துவிட்டு இன்னொரு படம். முதல் படம் உங்கள் அளவுகோல், இரண்டாவது படம்தான் மாக்அப். விரித்த ஹூடியின் அகலத்தை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். அணிந்தவுடன் துணி மார்பைச் சுற்றி வளைகிறது. பக்கங்கள் கேமராவைவிட்டுத் திரும்பிவிடுகின்றன. நம் படத்தில் செவ்வகத்தின் உயரம் 690 பிக்சல் வந்தால் செ.மீ.க்கு 30 பிக்சல். அதன்படி அகலம் 552 பிக்சல் இருக்க வேண்டும். டேப்பை அளந்தால் 530 இருக்கலாம். குறையும் அந்த 22 பிக்சல்தான் மார்பின் வளைவு. ஓவியத்தை வார்ப் கருவியால் டேப்பின் நான்கு மூலைகளுக்கும் விளிம்புகளுக்கும் இழுத்துப் பொருத்தினால் அந்த வளைவும் தானாக வந்துவிடும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. நம் ஊர் நடுப்பகல் வெயிலில் எடுத்தால் மடிப்புகள் எல்லாம் கத்திக் கோடுகளாக விழும். காலையில் வீட்டுத் தாழ்வாரத்தில், பக்கவாட்டிலிருந்து மென்மையான வெளிச்சம் வரும்போது எடுங்கள். கோட்டைக்குள் போய் எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு: அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம், விற்பனைக்கான படம் என்றால் அனுமதியைப் பற்றி முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

### மடிப்பைப் பின்தொடரச் செய்வது

துணியின் மேடு பள்ளத்துக்கேற்ப ஓவியத்தை நெளிக்கும் வடிகட்டியின் பெயர் டிஸ்பிளேஸ். ஃபோட்டோஷாப்பில் அது `Filter > Distort > Displace` என்ற இடத்திலும், கிம்ப்பில் `Filters > Map > Displace` என்ற இடத்திலும் இருக்கும். அதற்கு ஒரு சாம்பல் நிற வரைபடம் தேவை. ஃபோட்டோஷாப் இதை பிஎஸ்டி கோப்பாகத்தான் கேட்கும். வரைபடத்தில் 128 என்ற நடுச் சாம்பல் உள்ள இடத்தில் ஓவியம் அசையாது. அதைவிட இருண்ட இடம் ஒரு பக்கமும், வெளிறிய இடம் எதிர்ப்பக்கமும் தள்ளும். அளவை 100 என்று வைத்தால் அதிகபட்சத் தள்ளல் 128 பிக்சல். ஆகவே 10 என்று வைத்தால் சுமார் 13 பிக்சல், நம் படத்தில் அரை செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஹூடியின் தடித்த துணிக்கு அது போதும். மெல்லிய டி-ஷர்ட்டில் மடிப்புகள் குறுகலாக வரும் என்பதால் இன்னும் குறைக்கலாம்.

எல்லா விளக்கங்களிலும் "ஹூடியின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி அதையே வரைபடமாகக் கொடு" என்று எழுதியிருப்பார்கள். வெளிர் சாம்பல் டி-ஷர்ட்டில் அது ஓரளவு வேலை செய்யும். கறுப்பு ஹூடியில் செய்து பாருங்கள்: ஓவியம் நெளியாது, மொத்தமாக ஒரு மூலையை நோக்கி நகர்ந்துவிடும். காரணம் எளிது. கறுப்புத் துணியில் எல்லாப் பிக்சல்களும் 128-க்கு வெகு கீழே இருக்கின்றன. எல்லாம் ஒரே பக்கம்தான் தள்ளும். ஓவியம் முழுதாக இடம் மாறினால் வரைபடத்தின் நடு நிறம் தவறு என்று உடனே புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு குறையும் இதில் உண்டு. பக்கவாட்டு வெளிச்சத்தில் மார்பின் ஒரு பாதி இருண்டிருக்கும். அது மடிப்பல்ல, உடலின் நிழல். ஆனால் வடிகட்டிக்கு அந்த வேறுபாடு தெரியாது. அந்தப் பாதி ஓவியத்தையும் இழுத்துவிடும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து ஹை பாஸ் வடிகட்டி. கறுப்பு வெள்ளைப் பிரதியின் மேல் அதை, மடிப்பின் அகலம் அளவுக்கு ஆரம் வைத்து, நம் படத்தில் 40 பிக்சல் என்று கொள்வோம், ஓட்டினால் பரந்த நிழல்கள் எல்லாம் போய், நடுச் சாம்பலைச் சுற்றி மடிப்புகள் மட்டும் நிற்கும். கறுப்புத் துணியில் அவை மங்கலாக இருக்கும், கான்ட்ராஸ்டை ஏற்றிக்கொள்ளலாம். கடைசியாக 4 பிக்சல் அளவுக்கு மங்கலாக்குங்கள். அதைச் செய்யாவிட்டால் நெசவின் ஒவ்வொரு புள்ளியும் ஓவியத்தைத் தள்ளி, எழுத்துகளின் ஓரம் எலி கடித்ததுபோல் ஆகிவிடும். மெலாஞ்ச் துணிக்கு மங்கலை இன்னும் கூட்ட வேண்டும்.

### நிழலும் மையும்

இங்கே ஒரு பழக்கம் பலரையும் ஏமாற்றுகிறது. ஓவியத்தின் லேயரை மல்டிபிளை என்று மாற்றினால் துணியின் நிழல் ஓவியத்தில் தெரியும் என்று எல்லாரும் கற்றுக்கொள்கிறோம். வெள்ளை டி-ஷர்ட்டில் அது அழகாக வேலை செய்யும். கறுப்பில் ஓவியமே காணாமல் போய்விடும் என்பதால் அங்கே யாரும் ஏமாறுவதில்லை. ஆபத்து நடுவில் இருக்கிறது, சாம்பல், மணல், வெளிர் நீல நிறங்களில். வாடிக்கையாளர் வெள்ளைப் பின்னணியோடு ஜேபெக் கோப்பு அனுப்பியிருப்பார். மல்டிபிளையில் வெள்ளை மறைந்துவிடும். மாக்அப்பில் ஓவியம் சாம்பல் துணியின் மேல் தனியாக மிதக்கும். டிடிஎஃப் கடையில் அதே கோப்பைக் கொடுத்தால் வெள்ளையும் அச்சாகும். பெட்டி போட்டதுபோல் ஒரு வெள்ளைக் கட்டத்தோடு ஹூடி வந்து சேரும். ஓவியத்தில் வெள்ளைக் கண்கள், வெள்ளை எழுத்துகள் இருந்தால் எதிர்ப்பக்கத் தவறு நடக்கும்: மாக்அப்பில் அவை சாம்பலாகத் தெரியும், அச்சில் பளீரென்று வெள்ளையாக வரும்.

ஆகவே டிடிஎஃப் என்றால் ஓவியத்தின் லேயரை நார்மலிலேயே விடுங்கள். நிழலைத் தனியாகக் கொண்டுவாருங்கள். ஹூடியின் கறுப்பு வெள்ளைப் பிரதி ஒன்றை எடுத்து, மடிப்பில்லாத சாதாரண இடம் வெள்ளையாகும்வரை லெவல்ஸில் ஏற்றுங்கள். மடிப்பின் பள்ளங்கள் மட்டும் இருண்டிருக்கும். இந்தப் பிரதியை ஓவியத்தின் மேல் வைத்து, ஓவியத்துக்குள் மட்டும் தெரியும்படி வெட்டி, இதற்கு மல்டிபிளை கொடுங்கள். இப்போது மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும், மடிப்பில் மட்டும் இருளும். இந்த நிழல் பிரதியைச் சற்று மங்கலாக்கினால் நெசவு மறையும், டிடிஎஃப் அச்சும் அப்படித்தான் இருக்கும். வெள்ளைத் துணியில் டிடிஜி என்றால் பழைய மல்டிபிளையே சரியான வழி.

மாக்அப்பால் காட்ட முடியாத ஒன்று உண்டு. ஓவியத்தில் ஓரம் மெல்ல மெல்லக் கரையும் ஒளிவட்டமோ நிழலோ இருந்தால் திரையில் அது கறுப்பில் கரைந்து அழகாகத் தெரியும். அச்சில் அந்தப் பாதி ஒளிபுகும் பிக்சல்களுக்கு அடியிலும் வெள்ளை மை போகும். கரைய வேண்டிய இடத்தில் வெளிறிய விளிம்பு ஒன்று வரும். டிடிஎஃப்பில் அந்த மெல்லிய இடத்தில் பசைப்பொடி சரியாகப் பிடிக்காமல், துவைத்ததும் உரிவதும் உண்டு. இத்தகைய ஓரங்களை மாக்அப் செய்வதற்கு முன்பே புள்ளிகளாக மாற்றிவிடுங்கள், அல்லது ஓரத்தைக் கூராக வெட்டிவிடுங்கள்.

ஹூடியில் கடைசி வேலை கழுத்துக் கயிறு. இரண்டு கயிறுகளும் படத்தின் மேல் தொங்கினால் அவற்றைத் தனி லேயராக வெட்டி எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். கயிற்றின் மேல் ஓவியம் ஓடும் மாக்அப்பைக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும். கயிறு ஓவியத்தின் மேல் ஒரு சிறு நிழல் போடும், அதையும் மறக்க வேண்டாம்.

இந்த வழியின் மறைமுகச் செலவு நேரம்தான். முதல் படத்துக்கு அரைநாள் போய்விடலாம். ஆனால் ஓவியத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வைத்து வார்ப்பையும் டிஸ்பிளேஸையும் அதன் மேல் போட்டிருந்தால், அடுத்த வாடிக்கையாளரின் படத்தை உள்ளே மாற்றிச் சேமித்தாலே போதும். இன்னொரு செலவு, படத்தில் நிற்பவர். நண்பரே ஆனாலும் அவர் முகத்தை விற்பனைக்குப் பயன்படுத்த எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், அல்லது உதட்டுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

## வழி மூன்று: கட்டளைகளால் தானாகச் செய்வது

ஒரே ஹூடிப் படத்தில் மாதம் நூறு ஓவியங்கள் ஏற்ற வேண்டிய கடைக்கு இது. இரண்டாம் வழியில் செய்த வரைபடம், நிழல் பிரதி, கயிறு ஆகிய மூன்றையும் தனித்தனிக் கோப்புகளாகச் சேமித்துக்கொண்டால் மீதியை இமேஜ்மேஜிக் என்ற இலவச நிரல் செய்துவிடும். 2000 × 2500 பிக்சல் படத்துக்கு, மேலே சொன்ன அளவுகளோடு, லினக்ஸ் அல்லது மேக் டெர்மினலில்:

```
magick -size 2000x2500 xc:none \( art.png -resize '530x690!' \) -geometry +735+760 -composite flat.png
magick flat.png map.png -compose Displace -define compose:args=12x12 -composite bent.png
magick bent.png shade.png -compose Multiply -composite \( bent.png -alpha extract \) -alpha off -compose CopyAlpha -composite lit.png
magick hoodie.jpg lit.png -compose Over -composite strings.png -composite out.jpg
```

முதல் வரி ஓவியத்தை மார்பின் இடத்தில் வைக்கிறது, இரண்டாவது நெளிக்கிறது, மூன்றாவது நிழலிடுகிறது, நான்காவது ஹூடியின் மேல் வைத்துக் கயிற்றைப் போர்த்துகிறது. வரைபடமான `map.png`, நிழல் பிரதியான `shade.png` இரண்டும் ஹூடிப் படத்தின் அதே அளவில், ஒளிபுகும் பகுதி இல்லாமல் இருக்க வேண்டும். கயிறு இருக்கும் `strings.png` கோப்பும் அதே அளவில், கயிறு தவிர மற்ற இடமெல்லாம் ஒளிபுகும்படி இருக்க வேண்டும். `12x12` என்பது நெளிவின் உச்ச அளவு, பிக்சலில்.

இந்த நான்கு வரிகளில் வார்ப் கருவியின் நுட்பம் இல்லை. நேராக நின்று எடுத்த படத்துக்குப் பொருந்தும், உடலைத் திருப்பி நின்றவருக்குப் பொருந்தாது. `530x690!` என்பது எந்த ஓவியத்தையும் அந்த அளவுக்கே இழுக்கும். சதுரமான ஓவியம் வந்தால் நீட்டிவிடும், ஆகவே ஒவ்வொரு விகிதத்துக்கும் அளவை மாற்ற வேண்டும். வெள்ளைக் கட்டத்தோடு வந்த கோப்பையும் அது கேள்வி கேட்காமல் ஏற்றிவிடும், கண்ணால் பார்க்க ஓர் ஆள் வேண்டும். மாதம் பத்துப் பதினைந்து மாக்அப்தான் என்றால் இதைக் கற்றுக்கொள்ளும் நேரம் வீண்.

## வழி நான்கு: ஒன்றை அச்சிட்டு, அணிந்து, படம் எடுப்பது

மை விஷயத்தில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. வெள்ளைப் படலத்தின் மேல் மஞ்சள் எப்படி நிற்கிறது, பிலிம் வெயிலில் எவ்வளவு பளபளக்கிறது, உட்காரும்போது மார்பில் எப்படி விறைத்து மடிகிறது என்பதெல்லாம் இதில்தான் தெரியும். ஒரு துறைக்கே ஹூடி என்ற பெரிய ஆர்டரில், ஒரு மாதிரிக்கு ஆகும் துணியும் அச்சும் மொத்தத்தில் ஒன்றுமேயில்லை. அங்கே மாதிரி இல்லாமல் ஒப்புதல் வாங்குவதே தவறு என்பேன்.

ஒற்றை ஹூடி கேட்பவருக்கு இது நடக்காது. அவர் வடிவத்தை மாற்றச் சொன்னால் முதல் ஹூடி உங்கள் அலமாரியில்தான் கிடக்கும். தேவைக்கேற்ப ஒவ்வொன்றாக அச்சிடும் தொழிலின் அடிப்படையே சரக்கு தேங்கக் கூடாது என்பது, மாதிரிகள் அதைத்தான் தேக்கும்.

ஆனால் ஒரு மாதிரியை மட்டும் எல்லாரும் எடுத்து வைத்திருக்கலாம். உங்கள் அச்சுக்கடையில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, ஒரு மெல்லிய கோடு, ஒரு கரையும் ஓரம் ஆகியவற்றைக் கறுப்பில் ஒருமுறையும் சாம்பலில் ஒருமுறையும் அச்சிட்டு வாங்குங்கள். அதே கோப்பை இரண்டாம் வழியில் மாக்அப் செய்து, அச்சை அதே தாழ்வாரத்தில் எடுத்த படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். மாக்அப் பளிச்சென்று இருந்தால் நிறச் செறிவைக் குறைத்து, அந்த அமைப்பைச் சேமித்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஆயத்த மாக்அப் | கையால் பொருத்துவது | கட்டளைகள் | அச்சிட்ட மாதிரி |
|---|---|---|---|---|
| அளவு | அச்சிடுவதும் அதே தளம் என்றால் மட்டும் சரி | டேப் ஒட்டி எடுத்தால் சரி | கையால் செய்த அடிப்படையைப் பொறுத்தது | சரி |
| மடிப்பு, நிழல் | பொதுவாகப் போதும், கறுப்பில் சுமார் | மிக நன்று | நேர்ப் படத்தில் நன்று | உண்மையே |
| மை | காட்டாது | அச்சு முறை தெரிந்து செய்தால் நெருங்கும் | அதேபோல் | உண்மையே |
| மறைமுகச் செலவு | துணி வேறு, வெட்டு வேறு | முதல் அரைநாள், மாடலின் ஒப்புதல் | கற்கும் நேரம், கோப்பைச் சரிபார்க்கும் ஆள் | வடிவம் மாறினால் தேங்கும் துணி |
| யாருக்கு | யோசனை காட்ட | வாரம் சில ஆர்டர் வாங்கும் கடை | மாதம் நூறு வடிவங்கள் | மொத்த ஆர்டர் |

இந்தக் கோட்டை ஓவிய ஆர்டரில் நான் தேர்வது இரண்டாம் வழி. ஒரே ஹூடி, கறுப்புத் துணி, பை இடிக்கும் அளவு என்ற மூன்றும் ஆயத்த மாக்அப்பைத் தள்ளிவிடுகின்றன. அதே ஓவியத்தை நாற்பது பேர் கொண்ட பைக் குழு கேட்டால், கையால் செய்த மாக்அப்பில் வடிவத்தை முடிவு செய்துவிட்டு, பிறகு ஒரு மாதிரியை அச்சிட்டுக் காட்டுவேன். வெள்ளை டி-ஷர்ட்டில் கேட்டு, அதை ஒரு தளமே அச்சிட்டு அனுப்புகிறது என்றால் ஆயத்த மாக்அப்போடு விட்டுவிடுவேன், அதற்குமேல் உழைப்பது வீண்.

எந்த வழியில் போனாலும் திரையில் தெரியாத ஒன்றைக் கணக்கில் பார்க்க வேண்டும். நம் ஓவியம் 1500 பிக்சல் உயரம். மாக்அப்பில் அது 690 பிக்சலாகச் சுருங்குகிறது, அதனால் எந்தப் படமும் கூர்மையாகவே தெரியும். அச்சில் 23 செ.மீ., அதாவது 9 அங்குலத்துக்கு விரிகிறது. அங்குலத்துக்கு ஏறத்தாழ 166 பிக்சல். கோட்டோவியத்துக்கு அது தாங்கும். அதே ஓவியம் வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக வந்து, வழியில் சுருங்கி 800 பிக்சலாக இருந்திருந்தால் அங்குலத்துக்கு 90-க்கும் கீழே போயிருக்கும், மெல்லிய கோடுகள் படிக்கட்டாக உடையும், மாக்அப்போ அப்போதும் கூர்மையாகவே சிரித்திருக்கும். படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். மாக்அப்பை அனுப்பும்போது அதன் கீழே "அச்சு அளவு 18.4 × 23 செ.மீ., கழுத்திலிருந்து 7 செ.மீ. கீழே, டிடிஎஃப், ஹூடி அளவு எம்" என்று ஒரு வரி எழுதி, அந்த வரிக்கும் சேர்த்து ஒப்புதல் வாங்குங்கள். எக்ஸ்எக்ஸ்எல் அளவு ஹூடியில் அதே 18.4 செ.மீ. சிறிதாகத் தெரியும். பெரிய அளவுக்குப் படத்தையும் பெரிதாக்குவதா, எல்லாருக்கும் ஒரே பிலிமா என்பதை நாற்பது பேர் ஆர்டரில் அப்போதே கேட்டுவிட வேண்டும்.